சினாப்சிஸ் திரும்பி வந்துவிட்டதா? குறிப்பைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சமூக மருத்துவம், பொது சுகாதாரம், செவிலியர் முதுநிலை மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகள் துறைக் கூட்டத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் போவதற்கு முன் என் மேசைக்கு வரும். திருத்தம் கேட்டுத் திரும்பியவையும் வரும். ஆண்டுதோறும் தலைப்புகள் மாறுகின்றன, ஓரத்தில் எழுதப்படும் குறிப்புகள் மாறுவதில்லை. அதனால் அந்தக் குறிப்புகளையே தலைப்புகளாக வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்தக் குறிப்பு வந்ததோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் இருக்கும், ஆய்வையே மாற்றி அமைக்க வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும். அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

எல்லாப் பகுதிக்கும் ஒரே எடுத்துக்காட்டு. பல மாணவர்களின் தாள்களிலிருந்து நானே ஒட்டிச் செய்தது:

தலைப்பு: "மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு நோயாளிகளின் உடல்நலத்தில் ஏற்படுத்திய தாக்கம்: ஓர் ஆய்வு." நோக்கங்கள் ஆறு. மாதிரி 100 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரிடம் கேள்விப் படிவம். தரவு சேகரிப்பு இரண்டு மாதம். நெறிமுறைப் பகுதியில் இரண்டே வரி: "உரிய ஒப்புதல் பெறப்படும். ரகசியம் காக்கப்படும்."

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆய்வுக்கு நல்ல களம்தான், ஆனால் இந்தத் தாள் இப்படியே போனால் கீழே உள்ள அத்தனை குறிப்புகளோடும் திரும்பி வரும்.

## குறிப்பு 1: "நோக்கம் தெளிவாக இல்லை"

### வினைச்சொல்லைப் பாருங்கள்

ஆறு நோக்கங்களும் "ஆராய்தல்", "அறிதல்", "புரிந்துகொள்ளுதல்" என்று முடிகின்றனவா? அப்படியானால் எதை அளக்கப் போகிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. சோதனை எளிது. நோக்கத்தைப் படித்ததும் ஆய்வின் முடிவில் வரப்போகும் அட்டவணையை வெறும் தாளில் வரைய முடிய வேண்டும். "நோயாளிகளின் உடல்நலத்தை ஆராய்தல்" என்பதற்கு எந்த அட்டவணையும் வரைய முடியாது. "கடந்த 7 நாளில் ஒரு வேளையாவது சர்க்கரை மாத்திரையைத் தவறவிட்டவர்களின் விழுக்காட்டை அளத்தல்" என்பதற்கு வரையலாம். இந்தக் கோளாறு மட்டும்தான் என்றால் வேலை அரை மணியில் முடிந்துவிடும்.

### குறிக்கோள், நோக்கம், கேள்வி மூன்றும் ஒரே வாக்கியமாக இருக்கின்றனவா

ஒரே வாக்கியத்தை மூன்று இடத்தில் சொல்மாற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. குறிக்கோள் என்பது ஒரு வாக்கியம், ஆய்வு எதற்காக என்று சொல்வது. நோக்கங்கள் என்பவை அதை எட்ட நீங்கள் செய்யப்போகும் இரண்டு அல்லது மூன்று அளவீடுகள். கேள்வி, கேள்விக்குறியில் முடிய வேண்டும், அதற்கு ஓர் எண்ணோ ஆம் இல்லையோ விடையாக வர வேண்டும். நம் எடுத்துக்காட்டு இப்படி மாறும்:

குறிக்கோள்: மாத்திரை வீட்டுக்கே வருவதற்கும் மாத்திரை தவறுவதற்கும் உள்ள தொடர்பை அறிதல்.

நோக்கம் 1: வீட்டில் பெறுவோர், நிலையத்தில் பெறுவோர் ஆகிய இரு பிரிவிலும் மாத்திரை தவறவிடுவோரின் விழுக்காட்டை அளத்தல். நோக்கம் 2: வயது, தூரம், நோயின் ஆண்டுகள், மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இரு பிரிவையும் ஒப்பிடுதல்.

கேள்வி: வீட்டில் பெறுவோரிடையே மாத்திரை தவறவிடுவோர் நிலையத்தில் பெறுவோரைவிடக் குறைவா, குறைவென்றால் எவ்வளவு?

குறிக்கோள் மட்டும் "அறிதல்" என்று முடியலாம், அதை யாரும் அளக்கச் சொல்ல மாட்டார்கள்.

### ஆறு நோக்கம் என்றால் ஆறு ஆய்வு

ஒரு தாளில் நான்கு பத்தி வரையுங்கள்: நோக்கம், அதற்கு வேண்டிய தகவல், அதைத் தரும் கேள்வி எண், அதற்கான பகுப்பாய்வு. ஒவ்வொரு நோக்கத்துக்கும் நான்கு பத்தியையும் நிரப்புங்கள். வெறுமையாக நிற்கும் வரி உங்கள் ஆய்வில் இல்லாத நோக்கம். பெரும்பாலான தாள்களில் "திட்டம் குறித்த திருப்தியை அறிதல்", "பரிந்துரைகளை வழங்குதல்" என்ற இரண்டும் இங்கேயே விழுந்துவிடும். பரிந்துரை வழங்குவது நோக்கமே அல்ல, விவாதப் பகுதியில் வர வேண்டியது. நோக்கங்களை மூன்றுக்கு மேல் விடாதீர்கள் என்பேன். கைடு நான்காவதைச் சேர்க்கச் சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள், பேச்சு சுருங்கும்.

### கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறதா

விலை அதிகமான காரணம் இது. அறிமுகப் பகுதி நான்கு பக்கம் ஓடும், உலகில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்றிருக்கும், ஆனால் "இதுவரை யாரும் இதைப் பார்க்கவில்லை, அதனால் நான் பார்க்கிறேன்" என்ற வாக்கியம் எங்கும் இருக்காது. அந்த வாக்கியத்தை எழுத முயலுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டும். படித்த பிறகும் வரவில்லை என்றால் தலைப்பு மாற வேண்டும், அப்போது கைடிடம் போங்கள். தனியாக உட்கார்ந்து சொற்களை மாற்றிக்கொண்டிருந்தால் வாரங்கள்தான் போகும்.

## குறிப்பு 2: "இந்த முறை இந்தக் கேள்விக்கு விடை தராது"

### தலைப்பு கேட்பதும் வடிவமைப்பு தருவதும்

ஒருமுறை போய்க் கேள்வி கேட்டு வரும் குறுக்குவெட்டு ஆய்வில் "தாக்கம்" தெரியாது. காரணம், விளைவு இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறீர்கள், எது முன்னால் நடந்தது என்று சொல்ல வழியில்லை. தலைப்பிலும் நோக்கத்திலும் "தாக்கம்", "விளைவு", "பலன்" என்று வரும் இடங்களை வட்டமிட்டு "தொடர்பு" என்று மாற்றினால் பாதிக் குறிப்பு தீர்ந்துவிடும். தாக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்ற உறுதி இருந்தால் இந்தப் பகுதியின் கடைசிக்குப் போங்கள்.

### இரு பிரிவும் ஒப்பிடத் தக்கவையா

வீட்டுக்கு மாத்திரை யாருக்குப் போகிறது? முதியவர்கள், நடக்க இயலாதவர்கள், நிலையத்திலிருந்து தொலைவில் இருப்பவர்கள் அந்தப் பிரிவில் கூடுதலாக இருக்கலாம். அவர்கள் மாத்திரையை அதிகம் தவறவிட்டால் அது திட்டத்தின் குறையா, முதுமையின் விளைவா? முன்மொழிவிலேயே இதற்கு விடை வேண்டும். இந்த விவரங்களைக் கேள்விப் படிவத்தில் கேட்க வேண்டும், பகுப்பாய்வில் அவற்றை எப்படிச் சரிக்கட்டுவீர்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். படிவத்தில் கேட்காத வயதைப் பின்னால் எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது.

### ஆட்களை எங்கே பிடிக்கிறீர்கள்

இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மாத்திரை தவறவிடுபவர்களைத் தேடி, மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் போய்க் கேட்கிறார்கள். தவறவிடுபவர் அந்த வரிசையில் இல்லை, அதனால்தான் அவர் தவறவிடுபவர். வருகிறவர்களிடம் மட்டும் கேட்டால் நிலையத்தில் பெறும் பிரிவு உண்மையைவிட ஒழுங்காகத் தெரியும், வீட்டில் பெறும் பிரிவு அதனோடு ஒப்பிடப்பட்டு மோசமாகத் தெரியும். ஆய்வின் முடிவே தலைகீழாகிவிடும்.

தீர்வு: நிலையத்தின் தொற்றாநோய்ப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களிலிருந்து இரு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் எடுத்து, சமவாய்ப்பு எண்கள் மூலம் ஆட்களைத் தேர்ந்து, வீடு தேடிப் போக வேண்டும். வேலை கூடும், காலக்கோட்டுப் பகுதியில் அதன் கணக்கு வருகிறது. மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

### அளவுகோல் யாருடையது

மாத்திரை ஒழுங்கை அளக்க எட்டுக் கேள்வி மொரிஸ்கி அளவுகோலைப் பலரும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது உரிமம் பெற்றுப் பயன்படுத்த வேண்டியது. உரிமம் இல்லாமல் பயன்படுத்திவிட்டு பின்னால் கட்டுரை வெளியிடப் போனால் சிக்கல் வரும். அனுமதி தேவைப்படாத அளவுகோலைத் தேடுங்கள், அல்லது கைடோடு சேர்ந்து எளிய கேள்விகளை நீங்களே அமையுங்கள். எதுவானாலும் தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிட வேண்டும், பிறகு மாதிரியில் சேராத சிலரிடம் முன்சோதனை செய்ய வேண்டும். இந்த இரண்டு படியும் முன்மொழிவில் எழுத்தாக இருக்க வேண்டும்.

### உண்மையிலேயே தாக்கம்தான் வேண்டும் என்றால்

அப்போது ஆட்களைக் காலப்போக்கில் தொடர வேண்டும், அல்லது ஒரு தலையீட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தலையீடு என்றால் அது மருத்துவப் பரிசோதனை ஆய்வாகக் கருதப்படலாம், சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதியில் பதிவதை அங்கே ஏற்பதில்லை. செவிலியர் முதுநிலையில் "கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பலன்" என்று தலைப்பு வைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் கைடு மட்டும் போதாது, புள்ளியியலாளரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

## குறிப்பு 3: "மாதிரி அளவு எப்படி வந்தது?"

### எண் மட்டும் இருக்கிறது, கணக்கு இல்லை

"100 பேர்" என்று எழுதி விட்டிருந்தால் குறிப்பு நியாயமானது. ஒரு விழுக்காட்டை மட்டும் அளக்கும் ஆய்வுக்கான சூத்திரம் இது:

```
n = (1.96)² × p × q / d²
```

p என்பது எதிர்பார்க்கும் விகிதம், q என்பது 1 − p, d என்பது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை. உங்கள் களத்தை ஒத்த ஒரு முந்தைய ஆய்வில் 40 விழுக்காட்டினர் மாத்திரை தவறவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காட்டுப் புள்ளி பிழை என்றால் 369 பேர்.

### d எந்த வகை

அதே 40 விழுக்காடு, அதே "5 விழுக்காடு பிழை". ஆனால் ஒருவர் 35 முதல் 45 வரை என்று எடுத்துக்கொள்கிறார், அது தனிப்பிழை. இன்னொருவர் 40-இல் 5 விழுக்காடு, அதாவது 38 முதல் 42 வரை என்று எடுத்துக்கொள்கிறார், அது ஒப்புப்பிழை. முதலாமவருக்கு 369 வரும், இரண்டாமவருக்கு 2,305 வரும். மாதிரி அளவு திடீரென்று ஆயிரங்களில் போனாலோ, கைடு சொன்ன எண்ணும் உங்கள் எண்ணும் பல மடங்கு வேறுபட்டாலோ முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எது உங்களுடையது என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

### சூத்திரம் எந்த நோக்கத்துக்கு

நம் எடுத்துக்காட்டில் முக்கியக் கேள்வி ஒப்பீடு. 369 பேர் என்பது ஒற்றை விழுக்காட்டுக்கான எண், ஒப்பீட்டுக்குத் தனிச் சூத்திரம் உண்டு. வழக்கமான 5 விழுக்காடு முக்கியத்துவ நிலையும் 80 விழுக்காடு ஆற்றலும் வைத்துக்கொண்டால்:

```
n (ஒரு பிரிவுக்கு) = (1.96 + 0.84)² × (p₁q₁ + p₂q₂) / (p₁ − p₂)²
```

நிலையத்தில் 40, வீட்டில் 30 என்ற வேறுபாட்டைப் பிடிக்க ஒரு பிரிவுக்கு 353 பேர் வேண்டும். 40-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாடு போதும் என்றால் 149 பேர். வேறுபாட்டை எவ்வளவு சிறியதாகப் பிடிக்க விரும்புகிறீர்களோ அவ்வளவு ஆட்கள். இங்கே எந்த எண்ணை எடுப்பது என்பது கணக்கின் கேள்வி அல்ல. எவ்வளவு குறைந்தால் அது மக்களுக்குப் பொருட்படுத்தத் தக்கது என்பதைத் துறை தெரிந்தவர் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறையட்டும் என்பதற்காகவே வேறுபாட்டை 30 புள்ளி என்று ஊதிவைப்பவர்களும் உண்டு. குழுவில் ஒருவர் "இவ்வளவு வித்தியாசம் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

நாம் 15 புள்ளியை எடுத்துக்கொள்வோம்: 149 × 2 = 298.

### கிடைக்காதவர்கள்

வீடு பூட்டியிருக்கும், சிலர் மறுப்பார்கள். 10 விழுக்காடு என்று வைத்தால் 298-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 332 பேர். 298-உடன் அதன் 10 விழுக்காட்டைக் கூட்டுவது பரவலான பழக்கம். அதில் 328 வரும், கொஞ்சம் குறைந்து நிற்கும். சின்ன வேறுபாடுதான், ஆனால் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் படும்.

### முதலில் ஊர்களைத் தேர்கிறீர்களா

ஊர்களைக் குலுக்கி எடுத்து, பிறகு அந்த ஊருக்குள் ஆட்களை எடுத்தால் அது கொத்து மாதிரி. ஓர் ஊரில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், ஒரே தன்னார்வலர்தான் வருவார், அதனால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பெருக்கெண் 1.5 என்றால்கூட 298 என்பது 447 ஆகி, கிடைக்காதவர்களோடு 497 ஆகிறது. ஒரே நிலையத்தின் முழுப் பதிவேட்டிலிருந்து நேரடியாகப் பெயர்களை எடுத்தால் இது தேவையில்லை. ஒற்றை ஆளாக ஓர் ஆய்வேட்டுக்கு வேலை செய்பவருக்கு அதுவே என் பரிந்துரை.

புள்ளியியலாளரை அழைக்க வேண்டிய இடம்: கொத்து மாதிரி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரிவுகள், ஒரே ஆளை முன்னும் பின்னும் அளப்பது, தலையீடு. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முதன்மைக் கேள்வி ஒன்று, முந்தைய ஆய்வின் விழுக்காடு, பிடிக்க விரும்பும் வேறுபாடு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் ஒரு சந்திப்பில் வேலை முடியும். தரவு சேகரித்த பின்பு போனால் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

## குறிப்பு 4: "இந்தக் காலத்தில் முடியாது"

மாதங்களைக் குத்துமதிப்பாகப் பங்கிட்டிருந்தால் இந்தக் குறிப்பு வரும். களநாள் கணக்கைப் போடுங்கள். 332 பேர், வீடு தேடிப் போக வேண்டும், ஒருவருக்குப் பேட்டி 25 நிமிடம், நடையும் காத்திருப்பும் தனி. நாளுக்கு ஆறு பேர் என்பது நியாயமான எண். 56 களநாள் வரும். வகுப்பும் பணியும் போக வாரத்துக்கு மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் 19 வாரம். தாளில் இருந்தது இரண்டு மாதம்.

இப்போது மூன்று வழி. வாரத்துக்கு நான்கு நாள் கேட்டால் 14 வாரம். பயிற்சி பெற்ற இன்னொருவரைச் சேர்த்தால் பாதி, ஆனால் இருவரும் ஒரே மாதிரி கேட்கிறார்களா என்று சரிபார்க்கும் வழியை எழுத வேண்டும். மூன்றாவது, மாதிரி அளவைக் குறைப்பது. அதற்குக் குறிப்பு 3-க்குத் திரும்பி வேறுபாட்டை நியாயத்தோடு மாற்ற வேண்டும், எண்ணை மட்டும் அழித்து எழுதக் கூடாது.

அடுத்து, காத்திருப்பு நாட்கள். காலக்கோட்டில் "நெறிமுறைக் குழு அனுமதி: 1 வாரம்" என்று பார்க்கும்போதெல்லாம் சிவப்புப் பேனாவை எடுக்கிறேன். குழு எப்போது கூடும் என்று அலுவலகத்தில் கேளுங்கள், கோப்பு சேர வேண்டிய கடைசி நாளையும் கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், திருத்தம் சொன்னால் இன்னொன்று. இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குவது மிகை அல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டைத் தொட பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறையின் அனுமதிக் கடிதம் வேறு வேண்டும். அது குழு அனுமதிக்கு முன்பா பின்பா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், இரண்டு அலுவலகமும் மற்றதன் கடிதத்தை முதலில் கேட்டு மாணவர் நடுவில் நிற்பது நடக்கிற கதைதான்.

வீடு தேடிப் போகும் வாரங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுகின்றனவா, பொங்கல் வாரத்தில் விழுகின்றனவா, உங்கள் தேர்வோடு மோதுகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். விவசாய ஊர் என்றால் அறுவடைக் காலத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது.

காலக்கோடு எதிலும் அடங்கவில்லை என்றால் துறைத் தலைவரிடம் போய்த் தலைப்பைச் சுருக்குவது பற்றிப் பேசுங்கள். கைடு ஒப்புக்கொள்ளாத காலக்கோட்டைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது.

## குறிப்பு 5: "நெறிமுறைப் பகுதி போதாது"

"உரிய ஒப்புதல் பெறப்படும், ரகசியம் காக்கப்படும்." இந்த இரண்டு வரியை எந்த ஆய்விலும் ஒட்டலாம், அதுதான் இதன் கோளாறு. குழு கேட்பது உங்கள் ஆய்வில் யாருக்கு என்ன நேரக்கூடும் என்பது. குழுவினர் பின்பற்றுவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளை. அதன்படி குழுவில் மருத்துவர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும், சமூக அறிவியலாளரும், துறை சாராத பொதுமனிதரும் இருப்பார்கள். உங்கள் ஒப்புதல் படிவத்தை மிகக் கவனமாகப் படிப்பவர் பெரும்பாலும் அந்தப் பொதுமனிதர்தான். "அம்மா, இதை உங்க பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினீங்களா?" என்ற கேள்வி அவரிடமிருந்து வரும்.

### படிவத்தின் தமிழ்

முதல் சோதனை, மலிவான சோதனை. தாளில் இருந்தது இது: "இவ்வாய்வின் நோக்கம், செயல்முறை, இடர்கள் மற்றும் பயன்கள் குறித்து எனக்கு விளக்கமளிக்கப்பட்டு, நான் தன்னிச்சையாக இதற்குச் சம்மதமளிக்கிறேன்." இதில் நோயாளிக்குத் தெரிய வேண்டிய ஒன்றுகூட இல்லை. மாற்றி எழுதினால்:

"சர்க்கரை மாத்திரையை நீங்கள் எப்படிச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். இது என் படிப்புக்கான ஆய்வு. 25 நிமிடம் ஆகும். ஊசி போட மாட்டோம், ரத்தம் எடுக்க மாட்டோம். விருப்பம் இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தவும் செய்யலாம். அப்படிச் சொன்னாலும் உங்களுக்கு வரும் மாத்திரையோ சிகிச்சையோ நிற்காது. நீங்கள் சொல்வதை மாத்திரை கொண்டுவருபவரிடமோ நிலையத்திலோ பெயரோடு சொல்ல மாட்டேன். இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை."

இதன் கீழே கைடின் பெயரும் தொலைபேசி எண்ணும், குழு அலுவலகத்தின் எண்ணும் வர வேண்டும். தகவல் தாளின் ஒரு படி பங்கேற்பாளர் கையில் இருக்க வேண்டும்.

### படிக்கத் தெரியாதவர்

இந்தத் திட்டத்தில் முதியவர்கள் அதிகம். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படிவத்தை முழுமையாகப் படித்துக் காட்ட வேண்டும், அந்தச் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். படிவத்தில் அதற்கான இடமே இல்லை என்றால் குழு திருப்பி அனுப்பும். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சியாக அழைப்பது சுலபம், ஆனால் நோய் விவரம் அவர் காதில் விழும். ஒப்புதல் பெறும்வரை மட்டும் சாட்சி, பேட்டி தொடங்கும்போது அவர் இல்லை என்று முன்மொழிவில் எழுதுங்கள்.

### பக்கத்தில் யார் நிற்கிறார்

இந்த ஆய்வின் உண்மையான நெறிமுறைச் சிக்கல் இங்கேதான். வீடு தெரியாத மாணவர் தன்னார்வலரோடு போகிறார். மாத்திரை கொண்டுவந்து தரும் அக்கா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது "ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எந்தப் பாட்டி "இல்லை" என்பார்? மறுக்கவும் அவருக்குத் தயக்கம், உண்மை சொல்லவும் தயக்கம். ஒப்புதலும் கெடுகிறது, தரவும் கெடுகிறது. வீட்டைக் காட்டிவிட்டுத் தன்னார்வலர் விலகிவிடுவார், ஒப்புதலை மாணவரே கேட்பார் என்று எழுதுங்கள். நிலைய மருத்துவரே ஆய்வாளராக இருந்தால் இதே சிக்கல் இன்னும் கடுமை. சிகிச்சை தருபவர் ஒப்புதல் கேட்கக் கூடாது, வேறொருவர் கேட்க வேண்டும்.

### தெரியவந்ததை என்ன செய்வீர்கள்

ஒருவர் மூன்று மாதமாக மாத்திரையே சாப்பிடவில்லை, காலில் ஆறாத புண் இருக்கிறது என்கிறார். படிவத்தில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட முடியுமா? அவர் சம்மதத்தோடு நிலையத்துக்கு அனுப்பும் சீட்டு, யாரிடம் அனுப்புவது, யார் தொடர்வது ஆகியவை முன்மொழிவில் இருக்க வேண்டும். ரகசியம் காப்போம் என்று சொன்னவர்கள் இங்கே எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும் தகவல் தாளில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

### பெயர் எங்கே, எண் எங்கே

கேள்விப் படிவத்தில் பெயர் எழுதாமல் குறியெண் மட்டும் எழுதுங்கள். பெயரையும் குறியெண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்பட வேண்டும். யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டு, எப்போது அழிக்கப்படும் என்று எழுதுங்கள். பதிவேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவது இங்கே நடக்கிற ஒன்றுதான், அதற்கு அனுமதி இல்லை என்பதைச் சேர்ந்து வேலை செய்பவருக்கும் சொல்லுங்கள்.

### "வெறும் கேள்விப் படிவம்தானே, அனுமதி எதற்கு?"

அனுமதி தேவையில்லை என்று முடிவுசெய்ய உங்களுக்கோ கைடுக்கோ உரிமை இல்லை, விலக்கு அளிப்பதும் குழுதான். இடர் மிகக் குறைவான ஆய்வுக்கு முழுக்குழு கூடாமல் விரைவுப் பரிசீலனை கிடைக்கலாம், அதை விண்ணப்பத்திலேயே கேட்கலாம். ஆனால் சேகரித்த பிறகு வாங்கும் அனுமதி என்று ஒன்று கிடையாது. முன்சோதனைக்கும் இதே விதி.

குழுவின் உறுப்பினர் செயலரிடம் நேரே கேட்க வேண்டிய இடம்: 18 வயதுக்கு உட்பட்டவர்கள், மனநலப் பாதிப்புள்ளவர்கள், சிறையிலோ காப்பகத்திலோ இருப்பவர்கள், ரத்த மாதிரி, இரண்டு நிறுவனங்களில் நடக்கும் ஆய்வு. சிறுவர் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு 7 வயது முதல் அந்தப் பிள்ளையின் இசைவும் வேண்டும். 12 வயதுக்கு மேல் அது எழுத்தில். இவற்றை ஊகித்து எழுதுவதைவிட விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை கேட்டுவிடுவது மேல்.

## குறிப்பே இல்லை, கோப்பு அப்படியே கிடக்கிறது

பெரும்பாலும் ஆய்வில் கோளாறு இருக்காது, கோப்பில் இருக்கும். துறைத் தலைவர் கையெழுத்து, கைடின் தன்விவரம், தமிழ்ப் படிவம், ஒவ்வொரு பக்க அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும், செலவை யார் ஏற்கிறார் என்ற வரி. இவற்றில் ஒன்று இல்லாமல் அலுவலக மேசையிலேயே நின்றிருக்கும், யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நேரில் போய்க் கேளுங்கள். அடுத்த கூட்டமும் போய்விட்டால் துறைத் தலைவர் வழியாக எழுத்தில் கேளுங்கள்.

திருத்தி மறுபடி அனுப்பும்போது புதுத் தாளை மட்டும் வைக்காதீர்கள். குழுவின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று ஒரு கடிதம் சேருங்கள். பதிப்பு எண்ணை 2 ஆக்குங்கள், மாறிய வரிகளைக் கோடிட்டுக் காட்டுங்கள். ஏற்க முடியாத குறிப்பு இருந்தால் மாற்றாமல் மௌனமாக விடாமல் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மாதிரி அளவு மாறியிருந்தால் ஒப்புதல் படிவம், காலக்கோடு, செலவுப் பட்டியல் மூன்றிலும் அந்த எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள்.